பேனல் போச்சா, ஒயர் போச்சா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் டிவியையே கேளுங்கள்

பாலக்கோட்டில் அத்தை வீட்டு டிவியில் போன மாதம் படம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி மினுக்க ஆரம்பித்தது. நடுநடுவே இரண்டு விநாடி திரை கறுத்துவிட்டுத் திரும்பி வரும். போனிலேயே விசாரித்த மெக்கானிக், "பேனல் போயிருக்கும்மா" என்று சொல்லிவிட்டார். பேனல் மாற்றுவதென்றால் கிட்டத்தட்ட புது டிவி விலை. "தருமபுரிக்குத் தூக்கிட்டுப் போகணுமாடா?" என்று அத்தை கேட்டபோது, ரிமோட்டைக் கொடுங்கள், பத்து நிமிடம் பார்க்கலாம் என்றேன்.

இப்போதைய ஸ்மார்ட் டிவிகள் பலவற்றில் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வசதி உண்டு. இங்கே சாம்சங் மெனுவை வைத்துச் சொல்கிறேன். மாடலுக்கு மாடல் ஓரிரு படி மாறும், மற்ற கம்பெனி டிவிகளிலும் பெரும்பாலும் Support அல்லது Help என்ற பகுதிக்குள்தான் இருக்கும்.

படி 1: படம்

ரிமோட்டில் ஹோம் பட்டனை அழுத்தி இந்த வழியில் போங்கள்:

```
Settings > All Settings > Support > Device Care
> Self Diagnosis > Picture Test
```

பழைய மாடலில் Device Care இருக்காது, Support-க்குள்ளேயே Self Diagnosis தெரியும்.

இதை அழுத்தினால் திரையில் ஒரு படம் வரும். அந்தப் படம் கேபிள் பாக்ஸிலிருந்தோ இன்டர்நெட்டிலிருந்தோ வருவதில்லை, டிவியின் நினைவகத்திலேயே இருப்பது. ஆகவே கோடோ புள்ளியோ இந்தப் படத்திலும் தெரிந்தால் கோளாறு டிவிக்குள். இதில் சுத்தமாக இருந்தால் டிவியின் திரையை விட்டுவிட்டு, வெளியிலிருந்து படம் வரும் வழியைத் தேடுங்கள்.

அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள். திரைக்குப் பக்கத்தில் போய் நான்கு மூலையையும் பாருங்கள். சூடேறிய பிறகுதான் கோடு வருகிறது என்றால், டிவியை ஒரு மணி நேரம் ஓடவிட்டுச் சோதியுங்கள். குளிர்ந்த டிவியில் சோதித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வதில் அர்த்தமில்லை.

அத்தை வீட்டில் சோதனைப் படம் கண்ணாடி மாதிரி வந்தது, ஒரு புள்ளி இல்லை. சந்தேகம் தீர இன்னொன்றும் செய்தேன். கேபிள் சேனல் ஓடும்போதே மெனுவைத் திறந்தேன். பின்னால் சேனலில் புள்ளி மினுக்குகிறது, மேலே மெனு எழுத்துகள் துல்லியமாக நிற்கின்றன. மெனுவை வரைவது டிவி, சேனலைத் தருவது பாக்ஸ். அப்புறம் என்ன சந்தேகம்?

HDMI ஒயரை அடுத்த போர்ட்டில் மாற்றிப் போட்டேன், புள்ளி போகவில்லை. ஒயரைக் கழற்றிக் கையில் எடுத்தேன். சுவருக்கும் டிவிக்கும் இடையில் விரல் நுழையும் இடம்தான். அதில் பிளக்கை ஒட்டியே ஒயர் முட்டி மடங்கி, கறுப்பு உறை வெளுத்து வெடித்திருந்தது. வேறு ஒயர் போட்டதும் படம் சரியாகிவிட்டது.

படி 2: சத்தம்

அதே இடத்தில் Sound Test இருக்கும். அதற்கு முன் Sound Output-ல் TV Speaker இருக்கிறதா என்று பாருங்கள். எப்போதோ புளூடூத் ஸ்பீக்கரை இணைத்துவிட்டு மறந்திருப்போம், டிவி ஊமையாகிவிட்டது என்று நினைப்போம். சோதனையில் இசை தெளிவாகக் கேட்டால் ஸ்பீக்கர் நலம், பாக்ஸின் சத்தத்தையும் ஒயரையும் பாருங்கள். இசையே கரகரத்தால் ஸ்பீக்கரோ உள்ளே இருக்கும் போர்டோதான்.

படி 3: நெட்

இது Self Diagnosis-ல் இல்லாமல், நெட்வொர்க் அமைப்பில் Network Status என்று தனியாக இருக்கும். டிவி, ரவுட்டர், இன்டர்நெட் மூன்றையும் ஒரு கோட்டில் காட்டும். கோடு எங்கே அறுந்திருக்கிறது என்று பாருங்கள். டிவிக்கும் ரவுட்டருக்கும் இடையில் என்றால் வைஃபை பாஸ்வேர்டு, இல்லை நடுவில் இருக்கும் சுவர். ரவுட்டரில் 5GHz, 2.4GHz இரண்டும் இருந்தால் தூரத்து அறைக்கு 2.4 போடுங்கள், வேகம் குறைந்தாலும் சுவரைத் தாண்டும். ரவுட்டருக்கு அப்பால் அறுந்திருந்தால் நெட் கனெக்‌ஷன் கொடுத்தவருக்குப் போன் போடுங்கள். மூன்றும் சரி, ஆப் மட்டும் திறக்கவில்லை என்றால் டிவியின் தேதியைப் பாருங்கள். தேதி தப்பாக இருந்தால் பல ஆப்கள் இணையாது.

சர்வீஸுக்கே போக வேண்டியது எப்போது?

சோதனைப் படத்திலும் கோடு வந்தால் அதைப் போட்டோ எடுத்து, பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணோடு அனுப்புங்கள். ஆனால் அந்தக் கோடு பேனலால் வந்ததா, அதை ஓட்டும் போர்டால் வந்ததா என்று இந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது. "பேனல்தான்" என்று வருகிறவர் சொன்னால், போர்டைப் பார்த்தாரா என்று கேளுங்கள். அதற்காகப் பின்மூடியை நீங்கள் கழற்ற வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

சத்தம் வருகிறது, திரை முழுக்க இருட்டு என்றால் மெனுவே தெரியாது, சோதனையும் செய்ய முடியாது. அறை விளக்கை அணைத்து, போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பேனல் வேலை செய்கிறது, அணைந்திருப்பது பின்விளக்கு. எல்இடி டிவியில் அந்த விளக்குப் பட்டையை மட்டும் மாற்ற முடியும், பேனல் விலை ஆகாது.