‘மா’ என்றால் எது? கவிதைக்குள்ளேயே விடை தேடலாம்

பழைய கவிதை படிக்கும்போது அகராதியில் ‘மா’ என்று தேடினால் மாமரம், குதிரை, விலங்கு, பெரிய, கரிய, திருமகள் என்று வரிசையாக வந்து நிற்கும். முதலில் இருப்பதை எடுத்துக்கொள்ளாதீர்கள். வரிசையில் முன்னால் இருப்பதாலேயே அது உங்கள் வரிக்குப் பொருந்திவிடாது.

தீய நட்பைப் பற்றிய 814ஆம் குறளைப் பாருங்கள்: “அமரகத்து ஆற்றறுக்கும் கல்லாமா அன்னார் தமரின் தனிமை தலை.”

முதலில் இலக்கணத்தால் வடிகட்டுங்கள். ‘கல்லா’ என்பது எதிர்மறைப் பெயரெச்சம். அதை ஏற்க ஒரு பெயர்ச்சொல் வேண்டும். எனவே பெரிய, கரிய இரண்டும் விலகிவிடும். (68ஆம் குறளின் ‘மாநிலம்’ நேர்மாறு: அங்கே ‘மா’ நிலத்துக்கு அடைமொழி, ஆகவே ‘பெரிய’.)

அடுத்து, அந்தச் சொல் என்ன செய்கிறது என்று பாருங்கள். ‘அமரகம்’ போர்க்களம், ‘ஆற்றறுக்கும்’ என்றால் நடுவழியில் கைவிடும். மாமரம் அதைச் செய்யாது, திருமகளுக்கும் ‘கல்லா’ பொருந்தாது. மிஞ்சுவது போருக்குப் பழக்காத விலங்கு.

யானைக்கும் ‘மா’ என்ற பெயர் உண்டு என்பதால் சந்தேகம் எழலாம். வரியை மட்டும் வைத்து யானையை முழுதாக விலக்க முடியாது. அப்போதுதான் உரையைத் திறக்க வேண்டும்: பரிமேலழகர் ‘புரவி’ என்கிறார். ஆள் ஏறிச் செல்லும் குதிரை களத்தில் வீழ்த்திவிட்டு ஓடுவது, ஆபத்தில் கைவிடும் நண்பருக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது.

கடைசியாக, தேர்ந்த பொருளை வைத்து முழுக் குறளையும் உரைநடையாகச் சொல்லிப் பாருங்கள். ஏதாவது ஒரு சொல் வேலையின்றி நின்றால் தேர்வு தவறு.