50 கேஏ பிரேக்கர் போதும் என்று நினைத்தேன்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலை. 2000 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், 415 வோல்ட், இம்பீடன்ஸ் 6.25 சதவீதம். முழு லோடு கரண்ட் 2,782 ஆம்பியர். அதை 0.0625-ஆல் வகுத்தால் ஃபால்ட் கரண்ட் 44.5 கேஏ. மெயின் பிரேக்கர் 50 கேஏ; சரி, போதும் என்று முதலில் எழுதிவிட்டேன்.

அப்புறம் டெஸ்ட் சர்டிஃபிகேட்டைப் பார்த்தேன். லோடு லாஸ் வெறும் 15 கிலோவாட். அதாவது R 0.75 சதவீதம்தான், X/R ஏறக்குறைய 8.3. லாஸ் குறைந்த டிரான்ஸ்ஃபார்மரில் இதுதான் சிக்கல். வோல்டேஜ் பூஜ்யத்தைக் கடக்கும் நொடியில் ஷார்ட் ஆனால் கரண்ட் அலை ஒரு பக்கமாக ஏறி நிற்கும். அந்த டிசி பகுதி, R குறைவாக இருந்தால் மெதுவாகத்தான் தேயும். முதல் உச்சம் எவ்வளவு என்று பார்த்தேன்:

```
k = 1.02 + 0.98 × e^(-3R/X) = 1.70
Ip = 1.70 × √2 × 44.5 = 107 kA
```

50 கேஏ பிரேக்கரை ஐஇசி 60947-2 படி பவர் ஃபேக்டர் 0.25-இல்தான் சோதிக்கிறார்கள். அதன் மேக்கிங் கெபாசிட்டி 2.1 மடங்கு, அதாவது 105 கேஏ. நமக்கு வருவது 2.4 மடங்கு. 2.4-ஐ 2.1-ஆல் வகுத்தால் பெருக்கு காரணி சுமார் 1.15. அதனால் பெருக்கினால் 44.5 கேஏ என்பது 51 கேஏ ஆகிவிடுகிறது; 50 கேஏ பிரேக்கர் போதாது.

மேல்நிலை லைனின் இம்பீடன்ஸைச் சேர்த்தால் இது சற்று இறங்கும். ஆனால் ஓடும் மோட்டார்கள் திரும்பக் கொடுக்கும் கரண்ட் ஏற்றிவிடும். அதனால் அதை நம்பவில்லை. பஸ்பார் ஏற்கெனவே 65 கேஏ என்பதால் பிரேக்கரை மட்டும் 65 கேஏ-வுக்கு மாற்றினோம். அதற்கு மேக்கிங் 2.2 மடங்கு, 143 கேஏ.