பல்லின் போட்டோ அழிந்துவிட்டதா? டாக்டரிடம் வார்த்தையில் சொல்வது இப்படி

போட்டோ இல்லாவிட்டால் பரவாயில்லை. வலி எப்படி வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதெல்லாம் போட்டோவில் எப்படியும் தெரியாது.

முதலில் இடம். பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். கண்ணாடியைப் பார்த்துச் சொல்லும்போது வலமும் இடமும் குழம்பும். எந்தக் கைப்பக்கம் என்று பாருங்கள், அதுதான் பக்கம். பிறகு மேலா கீழா என்று சொல்லி, முன்பற்கள் இரண்டும் சந்திக்கும் நடுக்கோட்டிலிருந்து விரலால் எண்ணுங்கள். மூன்றாவது கோரைப்பல், ஆறாவது முதல் பெரிய கடைவாய்ப்பல், எட்டாவது ஞானப்பல். டாக்டர்கள் '36' என்று எழுதுவது கீழ் இடப்பக்கத்து ஆறாவது பல்லை. அந்த எண் தெரிந்தாலும் வார்த்தையிலேயே சொல்வது நல்லது, எண்ணில் பிசகினால் வேறு பல்லாகிவிடும்.

(பிறகு சேர்த்தது: கம்பி போடுவதற்காகப் பல் எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு ஒன்று தள்ளிப்போகும். "நாலாவது பல் எடுத்தாச்சு" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.)

நிறத்தைச் சொல்லும்போது அது எங்கே இருக்கிறது என்பதையும் சேருங்கள். மெல்லும் பரப்பின் பள்ளத்தில் கருப்புக் கோடு, ஈறோரம் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டு, அடிபட்ட பிறகு பல் முழுக்கச் சாம்பல் நிறம்: இவை வெவ்வேறு கதைகள். ஈறில் சின்னக் கொப்புளம் வந்து வந்து உடைந்தால் அதை விடாமல் சொல்லுங்கள், உள்ளே சீழ் இருக்கலாம்.

வலியில் "ரொம்ப வலிக்குது" என்பதைவிட, குளிர்ந்த தண்ணீர் பட்டபின் எத்தனை விநாடி நிற்கிறது என்பதுதான் உதவும். சில விநாடியில் அடங்கினால், காரணத்தைச் சரிசெய்தபின் உள்ளே இருக்கும் நரம்புத்திசு பெரும்பாலும் தேறிவிடும். அரை நிமிஷத்துக்கு மேல் இழுத்தால், தூக்கத்தில் எழுப்பினால், வேர் சிகிச்சை வரை போகலாம். கடித்துவிட்டு வாயைத் திறக்கும் நொடியில் சுருக்கென்றால் விரிசலாக இருக்கலாம். சில சமயம் கீழ்ப் பல்லின் வலி மேலே இருப்பதுபோலத் தோன்றும். அதனால் "இந்தப் பல் என்று உறுதியாத் தெரியலை" என்பதும் பயனுள்ள தகவல்தான்.

ஒரு மாதிரி:

"கீழே, என் இடது கைப்பக்கம், நடுவிலிருந்து ஆறாவது பல். மேல் பள்ளத்தில் கருப்புக் கோடு. மூன்று வாரமாகக் குளிருக்குக் கூசும், அஞ்சு விநாடியில் நிற்கும். நாலு நாளாக ஒரு நிமிஷம் வரை இழுக்கிறது. முந்தாநாள் ராத்திரி தூங்கவிடவில்லை. இன்று காலை ஏழு மணிக்கு வலி மாத்திரை போட்டேன். வீக்கம், காய்ச்சல் இல்லை."

எட்டு வரிகூட இல்லை. ஆனால் வலி மாறிய நாள் இதில் இருக்கிறது. மாத்திரை நேரத்தைச் சொல்லாமல் விட்டால், மாத்திரையால் வலி அடங்கியிருப்பது தெரியாமல் டாக்டர் தட்டிப் பார்க்கும் சோதனை தப்பாகப் போகலாம்.

கடும் வலி திடீரென்று நின்றுபோனாலும் சொல்லுங்கள். நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும். முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானாலோ இந்த வரிகளை எழுதிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.