ஐந்து ட்ரயல், இரண்டு சராசரி: மனச்சோர்வு மருந்துகளின் மெட்டா அனாலிசிஸை வாசிப்பது எப்படி?

ஊட்டியில் முதுகலை மாணவர்களின் தீசிஸ் வரைவுகளைப் பார்க்கும்போது ஒரு வரி தவறாமல் கண்ணில் படும்: "I² 50 சதவீதத்துக்கு மேல் இருந்ததால் ரேண்டம் எஃபெக்ட்ஸ் மாடலைப் பயன்படுத்தினோம்." அடுத்த பத்தியில், சம்பந்தமே இல்லாதது போல, பப்ளிகேஷன் பயஸ், அதாவது சாதகமான முடிவுகளே அதிகம் அச்சேறும் சாய்வு. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடப்பவை. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் தெரியும்.

முதல் படி: கணக்கைப் போடுங்கள்

ஐந்து ட்ரயல்கள் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் பயிற்சிக்காக நான் போட்டவை. `yi` என்பது மருந்துக்கும் பிளசிபோவுக்கும் உள்ள தரப்படுத்திய வித்தியாசம். எண் கூடினால் மருந்துக்குச் சாதகம். `sei` அதன் ஸ்டாண்டர்ட் எரர். சின்ன ட்ரயல் என்றால் இது பெரிதாக இருக்கும்.

```r
library(metafor)
yi  <- c(0.20, 0.30, 0.45, 0.60, 0.90)
sei <- c(0.10, 0.10, 0.20, 0.20, 0.25)
fe <- rma(yi, sei=sei, method="FE")
re <- rma(yi, sei=sei, method="DL")
fe
re
predict(re)
funnel(re)
```

இரண்டாம் படி: I² எதைச் சொல்கிறது?

ட்ரயல்களின் மொத்தச் சிதறலை அளக்கும் Q சுமார் 9.13 வரும். ட்ரயல்களுக்குள் உண்மையான வேறுபாடே இல்லையென்றால், ஐந்து ட்ரயலுக்கு அது 4-ஐ ஒட்டி இருக்கும். மிச்சம் 5.13, அதை 9.13-ஆல் வகுத்தால் 56 சதவீதம். அதுதான் I². மொத்தச் சிதறலில் எவ்வளவு பங்கு தற்செயலால் வந்ததல்ல என்று அது சொல்கிறது. சிதறல் எத்தனை பெரிது என்று சொல்வதில்லை.

அதற்கு tau வேண்டும். இங்கே சுமார் 0.17. மேட்டுப்பாளையத்தின் உயரத்தையும் ஊட்டியின் உயரத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஓர் எண் வரும். ஸ்வெட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு அது உதவாது. அதனால்தான் `predict(re)` தரும் பிரெடிக்ஷன் இன்டர்வலைப் பாருங்கள் என்கிறேன்: 0.03 முதல் 0.80 வரை. அடுத்து வரும் ட்ரயலில் மருந்து ஏறக்குறைய ஒன்றும் செய்யாமல் போகலாம், மிக நன்றாகவும் வேலை செய்யலாம். ஐந்தே ட்ரயல் இருக்கும்போது இந்த இடைவெளிகூடக் குறுகல்தான்.

மூன்றாம் படி: சராசரி ஏன் நகர்ந்தது?

எல்லா ட்ரயலிலும் உண்மைப் பலன் ஒன்றே என்று கொள்ளும் ஃபிக்ஸட் எஃபெக்ட் மாடல் `fe` சொல்லும் சராசரி 0.34, ட்ரயலுக்கு ட்ரயல் அது மாறலாம் என்று கொள்ளும் ரேண்டம் எஃபெக்ட்ஸ் மாடல் `re` சொல்வது 0.41. தரவு அதேதான். ரேண்டம் எஃபெக்ட்ஸ், ட்ரயல்களுக்கு இடையே எடையைச் சமன் நோக்கித் தள்ளுகிறது. கடைசி ட்ரயல், அந்த 0.90, முதலில் 6 சதவீத எடை பெற்றது. இப்போது 12 சதவீதம். சிக்கல் இங்கேதான். மருந்து வேலை செய்யாத சின்ன ட்ரயல்கள் அச்சேறாமல் போயிருந்தால், மிஞ்சிய சின்ன ட்ரயல்களின் மிகையான பலன் I²-ஐ ஏற்றும். ஏறிய I²-ஐக் காட்டி நாம் மாற்றிய மாடல் அதே ட்ரயல்களுக்கு இன்னும் எடை கொடுக்கும்.

நான்காம் படி: ஃபனல் ப்ளாட்

`funnel(re)` வரைந்த படத்தில் பெரிய ட்ரயல்கள் மேலே, சின்னவை கீழே. நம் ஐந்தில் கீழே வர வர புள்ளிகள் வலப்பக்கம் ஒதுங்குகின்றன. கீழ் இடது மூலை காலி. உடனே "பயஸ்" என்று எழுதிவிடாதீர்கள். சின்ன ட்ரயல்கள் வார்டில் சேர்க்கப்பட்ட, நோய் கடுமையான நோயாளிகளிடம் நடந்திருந்தால் பலன் உண்மையிலேயே கூடுதலாக இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு ட்ரயலிலும் மனச்சோர்வின் கடுமையை அளக்கும் ஹாமில்டன் ஸ்கோர் தொடக்கத்தில் எவ்வளவு, டோஸ், எத்தனை வாரம், எத்தனை பேர் இடையில் விலகினார்கள் என்று அட்டவணை போடுங்கள். ஃபனல் ஒருபக்கம் சாய்கிறதா என்று சோதிக்கும் எக்கர் டெஸ்ட்? பத்து ட்ரயலாவது இல்லாமல் அதை ஓட்டுவதில் பயனில்லை.

ஐந்தாம் படி: அச்சேறாததைத் தேடுங்கள்

மனச்சோர்வு மருந்துகளில் இதற்கு அசல் சாட்சி உண்டு. 2008-இல் டர்னரும் சகாக்களும் 12 மருந்துகளுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவிடம் பதிவான 74 ட்ரயல்களை, ஜர்னல்களில் வந்தவற்றோடு ஒப்பிட்டார்கள். எஃப்டிஏ சாதகம் என்று கருதிய 38-இல் ஒன்றைத் தவிர எல்லாம் வெளிவந்தன. மற்ற 36-இல் 22 வெளிவரவே இல்லை. 11 சாதகமான முடிவு போன்ற தோற்றத்தில் வந்தன. 3 மட்டுமே உள்ளது உள்ளபடி. சராசரிப் பலன் ஜர்னல்களின்படி 0.41, எஃப்டிஏ தரவுப்படி 0.31. (நம் 0.41-உம் இதுவும் ஒன்றாக இருப்பது தற்செயல்.)

அந்த 11-ஐக் கவனியுங்கள். அவை காணாமல் போகவில்லை, உருமாறி வந்தன. விடுபட்ட புள்ளிகளை நிரப்பும் `trimfill(re)` இவற்றைச் சரிசெய்ய முடியாது. புள்ளி இருக்கிறது, ஆனால் இடம் தவறு. அதனால் Drugs@FDA தளத்தில் மருந்தின் ரிவ்யூ ஆவணத்தைத் திறந்து, அங்கே சொன்ன முதன்மை விளைவும் ஜர்னல் கட்டுரை சொல்வதும் ஒன்றா என்று பாருங்கள். இந்தியாவில் நடந்த ட்ரயல் என்றால் இந்திய ட்ரயல் பதிவேடான சிடிஆர்ஐ-யில் அதன் பதிவைப் பாருங்கள். தீசிஸில் இரண்டு சராசரிகளையும், பிரெடிக்ஷன் இன்டர்வலையும், பதிவில் இருந்தும் அச்சில் கிடைக்காத ட்ரயல்களின் எண்ணிக்கையையும் ஒரே பத்தியில் எழுதுங்கள்.