ஆமை விளக்கு எரிந்தால் உடனே சார்ஜ் போட ஓடாதீர்கள்

எலக்ட்ரிக் காரின் டாஷ்போர்டில் ஆமை தெரிந்தால் சார்ஜ் தீரப்போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஆமை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: மோட்டாருக்குப் போகும் சக்தியைக் கார் குறைத்துவிட்டது. காரணத்தை அது சொல்லாது, பக்கத்தில் வரும் மற்ற எச்சரிக்கைகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டி, நடுவில் ஃபாஸ்ட் சார்ஜ் போட்டு, உடனே மலை ஏறுகிறீர்கள். சார்ஜ் 45 சதவீதம் இருக்கும்போதே ஆமை வருகிறது, கூடவே பேட்டரி வெப்ப எச்சரிக்கையும். இங்கே சார்ஜ் குறையவில்லை, பேட்டரி சூடாகிவிட்டது. இந்த நேரத்தில் அடுத்த ஃபாஸ்ட் சார்ஜரைத் தேடுவதுதான் பெரிய தவறு.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேட்டரியின் உள் மின்தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொண்டால், 100 ஆம்பியர் ஓடும்போது உள்ளே 1 கிலோவாட் வெப்பம் உண்டாகும். 200 ஆம்பியரில் 4 கிலோவாட். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. அதனால் கார் சார்ஜ் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நாமோ சார்ஜர் சரியில்லை என்று திட்டிக்கொண்டு நிற்போம்.

ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து, வேகத்தைக் குறைத்து ஓட்டுவதே முதல் வேலை. நிறுத்தினால் நிழலில் நிறுத்துங்கள். கூலிங் பம்ப் ஓட வேண்டும் என்பதால் காரை ஆனிலேயே வைத்திருப்பது நல்லது. கடும் குளிரிலும் ஆமை வரும். அதற்குக் காரணம் வேறு: குளிர்ந்த பேட்டரியால் முழு சக்தியைத் தர முடியாது. கொஞ்ச தூரம் ஓடிச் சூடேறினால் போய்விடும்.

சிவப்பு எழுத்தில் நிறுத்தச் சொன்னாலோ, புகையோ ரசாயன வாடையோ வந்தாலோ பொறுத்துப் பார்க்கக் கூடாது. நிறுத்தி, எல்லாரும் இறங்கித் தள்ளிப் போய், தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

சார்ஜிங் கோளாறு என்று வந்தால், பிளக்கைத் திரும்பத் திரும்பப் பிடுங்கிச் செருகுவதில் பயனில்லை. ஃபாஸ்ட் சார்ஜர் கேபிள் கனமானது. அதன் எடை கனெக்டரைக் கீழே இழுத்து, பூட்டு சரியாக விழாமல் போகும். அடியில் தாங்கிப் பிடித்து ஒரு முறை போட்டுப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் வேறு சார்ஜரில் முயலுங்கள். அங்கே ஏறினால் கோளாறு உங்கள் காரில் இல்லை.

வீட்டு சாக்கெட்டில் வரும் பிழைக்கு அடிக்கடி காரணம் எர்த் இல்லாததுதான். எர்த் இருக்கிறதா என்று சார்ஜர் செய்யும் சோதனையை ஏமாற்றும் அடாப்டரைச் செருகிச் சார்ஜ் ஏற்றுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். மின்கசிவு ஏற்பட்டால் காரின் உடம்பிலேயே மின்சாரம் வந்து நிற்கும். டயர்கள் ரப்பர் என்பதால் அது எளிதில் தரைக்குப் போகாது, கதவைத் தொடுகிறவர் வழியாகப் போகும். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சரிசெய்த பிறகே அந்த சாக்கெட்டில் செருகுங்கள்.