எந்த ரயிலில் உட்கார்ந்திருக்கிறீர்கள்? ரயில், படகுக் கணக்குகளுக்கு ஒரே வழி

சென்னைக் கடற்கரை – தாம்பரம் தடத்தில் மின்சார ரயிலில் போனவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு விரைவு ரயில் நம்மோடு வரும். அதுவும் பாய்ந்துதான் ஓடுகிறது, நாமும் ஓடுகிறோம். ஆனால் அதன் சன்னல்கள் நம் சன்னலை ஆமை வேகத்தில் கடக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர் படிக்கும் செய்தித்தாளின் தலைப்பைக்கூட வாசித்துவிடலாம். எதிர்த் திசையில் ஒரு ரயில் வந்தால் கதையே வேறு: ஒரு இரைச்சல், ஒரு காற்று, அவ்வளவுதான்.

சார்பு வேகம் என்பது இதுதான். இது இவ்வளவு எளிது என்று தெரியாமல், முப்பது சூத்திரங்கள் அச்சிட்ட ஒரு கையேட்டை நான் மனப்பாடம் செய்தேன். ரயிலுக்குப் பதினெட்டு, படகுக்குப் பன்னிரண்டு. தேர்வறையில் எதை எங்கே போடுவது என்று தெரியாமல் விழித்தேன். அந்தக் கையேடு உங்களிடம் இருந்தால் இந்தப் பதிவை முடிக்கும் வரை மூடி வையுங்கள். தேவையானவை ஒரு வெள்ளைத்தாளும் நீளம் வேறுபட்ட இரண்டு பேனாக்களும்தான்.

முதலில் அலகு

மணிக்குக் கிலோமீட்டரை நொடிக்கு மீட்டராக மாற்ற 5/18 ஆல் பெருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் பெருக்குவதில்லை. 18 என்றால் 5, 36 என்றால் 10, 54 என்றால் 15, 72 என்றால் 20, 90 என்றால் 25. இந்த ஐந்தையும் வாய்ப்பாடு போல வைத்துக்கொண்டால் பெரும்பாலான கேள்விகளுக்குப் போதும். வேகங்களைக் கூட்டியோ கழித்தோ முடித்த பிறகு மாற்றுங்கள். முன்பே மாற்றினால் பின்னங்கள் வந்து தொல்லை கொடுக்கும்.

ஒரு ரயிலை நிறுத்திவிடுங்கள்

கேள்வி இது. 180 மீட்டர் நீள ரயில் மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் போகிறது. 220 மீட்டர் நீள ரயில் எதிரே 36 கி.மீ. வேகத்தில் வருகிறது. ஒன்றையொன்று கடக்க எவ்வளவு நேரம்?

பேனாக்களை எடுத்து, முனையும் முனையும் தொடும்படி மேசையில் வையுங்கள். ஒன்றை அசைக்காமல் விட்டு, மற்றதை மட்டும் அதன் பக்கவாட்டில் நகர்த்துங்கள். இரண்டின் வால்களும் பிரியும்போது நிறுத்துங்கள். நகர்ந்த பேனாவின் முனை எவ்வளவு தூரம் போயிருக்கிறது? நின்ற பேனாவின் முழு நீளம், அதோடு தன் சொந்த நீளம். அதனால்தான் 180 + 220 = 400 மீட்டர். நிறுத்திய ரயிலின் வேகத்தை ஓடும் ரயிலுக்குக் கொடுத்துவிட்டோம்; எதிரெதிர்த் திசை என்பதால் 54 + 36 = 90, அதாவது நொடிக்கு 25 மீட்டர். 400 / 25 = 16 நொடி.

ஒரே திசை என்றால் தூரம் அதே 400தான். வேகம் மட்டும் 54 − 36 = 18 ஆகிறது, அதாவது நொடிக்கு 5 மீட்டர். நேரம் 80 நொடி. தாம்பரம் தடத்தில் அந்த விரைவு ரயில் ஏன் முடியவே முடியாமல் கடந்தது என்பதற்கு இதுதான் காரணம்.

நான் விழுந்த இடம்

அதே இரண்டு ரயில்கள், அதே எதிரெதிர்த் திசை. ஆனால் கேள்வியின் கடைசி வரி மாறுகிறது: “முதல் ரயிலில் சன்னலோரம் அமர்ந்திருக்கும் பயணியை இரண்டாவது ரயில் எத்தனை நொடிகளில் கடக்கும்?”

நான் 16 என்று குறித்தேன். விடைகளில் 16 இருந்தது. 80, 8.8, 7.2 ஆகியவையும் இருந்தன. கேள்வி எழுதியவர் நம்மை நன்றாக அறிந்தவர். ஒவ்வொரு தவறுக்கும் ஓர் இருக்கை போட்டு வைத்திருந்தார். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிக்கும் ரயில்வே தேர்வில் இந்த இருக்கையில் அமர்வது வலிக்கும்.

இப்போது பேனாவில் பாருங்கள். நின்ற பேனாவின் மேல் மையால் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிதான் பயணி. நகரும் பேனாவின் முனை புள்ளியைத் தொட்டதும் நேரம் தொடங்குகிறது, வால் புள்ளியைத் தாண்டியதும் முடிகிறது. புள்ளி இருக்கும் பேனா எவ்வளவு நீளமாக இருந்தால் என்ன? பயணிக்கு முன்னால் ஐந்து பெட்டியா, பின்னால் பத்துப் பெட்டியா என்பது அவர் சன்னலுக்குத் தெரியாது. எனவே தூரம் எதிர் ரயிலின் நீளமான 220 மட்டும். வேகம் அதே 25. விடை 8.8 நொடி.

இரண்டாவது ரயிலில் இருப்பவருக்கு முதல் ரயில் 180 / 25 = 7.2 நொடியில் கடந்து போகும். 8.8 உடன் 7.2 ஐக் கூட்டினால் 16 வருவதைக் கவனியுங்கள். அது தற்செயல் அல்ல. 400ஐத்தான் இரண்டாகப் பிரித்திருக்கிறோம். விடையைச் சரிபார்க்க நான் இன்றும் இதைப் பயன்படுத்துகிறேன்.

ஆகவே வேகத்துக்கு ஒரு கேள்வி, நீளத்துக்கு ஒரு கேள்வி. இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். வேகத்தில் “யார் யாரை நோக்கி?” என்று கேளுங்கள். நீளத்தில் “கடக்கப்படுவது புள்ளியா, உடலா?” என்று கேளுங்கள். மனிதன், கம்பம், மரம் ஆகியவை புள்ளிகள். நடைமேடை, பாலம், இன்னொரு ரயில் ஆகியவை உடல்கள்.

கம்பமும் நடைமேடையும் சேர்ந்து வரும் கேள்வியும் இதிலேயே அடங்கும். ஒரு ரயில் கம்பத்தை 9 நொடியிலும், 250 மீட்டர் நடைமேடையை 19 நொடியிலும் கடக்கிறது என்றால், கூடுதலாக ஆன 10 நொடியும் அந்த 250 மீட்டருக்குத்தான். நொடிக்கு 25 மீட்டர், நீளம் 225 மீட்டர். சமன்பாடு எழுதத் தேவையில்லை.

(ஒரு குறுக்குப் பேச்சு: இப்போது ஓடும் எல்.எச்.பி. பெட்டி ஒன்று ஏறக்குறைய 24 மீட்டர் நீளம். தேர்வில் வரும் 150 மீட்டர் ரயிலுக்கு ஆறு பெட்டிகள்தான் தேறும். அப்படி ஒரு ரயிலில் முன்பதிவு கிடைத்தமாதிரிதான்!)

இனி ஆற்றுக்குள்

படகுக் கணக்கைப் புத்தகங்கள் தனிப் பாடமாகப் பிரித்திருப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஆறு என்பது ஓடும் நடைமேடை. “நிலையான நீரில் படகின் வேகம்” என்றால் தண்ணீரைப் பொறுத்துப் படகின் வேகம் என்று பொருள். கரையில் நிற்பவருக்கு, ஓட்டத்தோடு போகும்போது இரண்டும் கூடும். எதிர்த்துப் போகும்போது கழியும்.

படகு 10, ஓட்டம் 2 என்றால் போகும் வேகம் 12, எதிர்த்து வரும் வேகம் 8. கேள்வியில் பெரும்பாலும் 12ஐயும் 8ஐயும் கொடுத்துவிட்டு ஓட்டத்தைக் கேட்பார்கள். வித்தியாசம் 4 என்றதும் கை அதையே குறித்துவிடும். 12க்கும் 8க்கும் நடுவே ஓட்டம் இரண்டு முறை நிற்கிறது, ஒருமுறை கூடியும் ஒருமுறை கழிந்தும். அதைப் பாதியாக்க மறக்காதீர்கள்.

இதே படகு 48 கி.மீ. போய்த் திரும்பினால் போக 4 மணி, வர 6 மணி. சராசரி வேகம் 96 / 10 = 9.6, பத்து அல்ல. ஓட்டம் போகும்போது கொடுத்ததை வரும்போது வாங்கிக்கொள்ளும், சமமாகிவிடும் என்று தோன்றும். ஆனால் மெதுவான திசையில் படகு அதிக நேரம் கிடக்கிறது. அதனால் எப்போதும் நட்டம்தான்.

தண்ணீரில் உட்காருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. ஒருவர் ஓட்டத்தை எதிர்த்துப் படகு ஓட்டுகிறார். ஒரு பாலத்தின் கீழே பிளாஸ்டிக் குடம் ஒன்று ஆற்றில் விழுந்துவிடுகிறது. 15 நிமிடம் கழித்துத்தான் கவனிக்கிறார். உடனே திருப்பி, அதே வலுவோடு ஓட்டி, பாலத்திலிருந்து 1 கி.மீ. கீழே குடத்தைப் பிடிக்கிறார். ஓட்டத்தின் வேகம் என்ன?

படகின் வேகமே தரப்படவில்லை. கரையில் நின்று போட்டால் இரண்டு தெரியாத எண்களோடு அரைப் பக்கம் ஆகும். குடத்தின் மேல் உட்கார்ந்து பாருங்கள். குடம் தண்ணீரோடு போகிறது. எனவே குடத்துக்குத் தண்ணீர் அசையாது. அதன் கண்ணுக்குப் படகு 15 நிமிடம் விலகிப் போனது, அதே வேகத்தில் திரும்பி வந்தது. திரும்ப ஆனதும் 15 நிமிடம். மொத்தம் அரை மணியில் குடம் 1 கி.மீ. மிதந்திருக்கிறது. ஓட்டம் மணிக்கு 2 கி.மீ.

இதைப் பார்த்த அன்று எனக்குப் படகுக் கணக்கில் இருந்த பயம் போயிற்று. ஒன்றையொன்று நோக்கி வரும் இரண்டு படகுகளுக்கும் இதே உத்திதான். 60 கி.மீ. இடைவெளி, வேகம் 12, 8, ஓட்டம் 3 என்றால் ஒன்றுக்கு 15, மற்றதற்கு 5. கூட்டல் 20. ஓட்டமே இல்லாவிட்டாலும் 12 + 8 = 20. இரண்டையும் ஒரே தண்ணீர்தான் சுமக்கிறது, அதனால் ஓட்டம் கணக்கிலிருந்து வெளியேறிவிடுகிறது. 3 மணி நேரத்தில் சந்திக்கும்.

எல்லை ஒன்று உண்டு. தேடும் பொருளும் மிதந்தால்தான் தண்ணீரில் உட்காரலாம். போய்ச் சேர வேண்டியது ஊர், படித்துறை, பாலம் என்றால் கரைக்கு ஏறிவிடுங்கள். தண்ணீரிலிருந்து பார்த்தால் அவையெல்லாம் ஓட ஆரம்பித்துவிடும்.

பின்சேர்க்கை 1

“ரயில் முழுவதும் பாலத்தின் மேல் இருந்த நேரம்” என்று கேட்டால் என்ன செய்வது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். நான் விட்டுவிட்டேன், மன்னிக்கவும். 150 மீட்டர் ரயில், 600 மீட்டர் பாலம், வேகம் 54. கடக்கும் நேரம் 750 / 15 = 50 நொடி. முழுவதும் மேலே இருப்பது வால் பாலத்தில் ஏறியதிலிருந்து முனை இறங்கும் வரைதான்; அதனால் 600 − 150 = 450, நேரம் 30 நொடி. கேள்வியில் “முழுவதும்” என்ற சொல்லைக் கண்டால் பேனாவை மறுபடி நகர்த்திப் பாருங்கள்.

பின்சேர்க்கை 2

இன்னொருவருக்கு விடை தவறாக வந்தது. காலை 6 மணிக்கு ஒரு ரயில் 60 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறது. 8 மணிக்கு அதே நிலையத்திலிருந்து அதே திசையில் இன்னொன்று 90இல் கிளம்புகிறது. எப்போது பிடிக்கும்? அவர் 6 மணியிலிருந்தே 30 என்ற சார்பு வேகத்தைப் போட்டிருந்தார். இரண்டும் ஓடத் தொடங்கிய பிறகுதான் அது செல்லும். 8 மணிக்கு முன் இரண்டாவது ரயில் நின்றுகொண்டிருந்தது. அப்போது இடைவெளி வளர்ந்ததே 60 வேகத்தில்தான். 8 மணிக்கு இடைவெளி 120 கி.மீ. 120 / 30 = 4 மணி நேரம்; ஆகவே நண்பகல் 12 மணிக்குப் பிடிக்கும். சரிபார்க்க: 60 × 6 = 360, 90 × 4 = 360. ரயிலின் நீளத்தை இங்கே யாரும் கேட்கவில்லை. 360 கிலோமீட்டரில் இருநூறு மீட்டரைத் தேடாதீர்கள்.