ஜப்பானும் ஜப்பானீஸும்: ஆங்கிலச் சொல்லழுத்தத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கானாடுகாத்தானிலோ காரைக்குடியிலோ பெரிய வீடுகளைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டி ‘ஜப்பானீஸ் டைல்ஸ்’ என்று சொல்லாத நாள் இருக்காது. வெளிநாட்டுப் பயணி அதைப் புரியாமல் திரும்பக் கேட்டால், சிக்கல் பெரும்பாலும் அழுத்தத்தில்தான் இருக்கும். அழுத்தம் தவறான அசையில் விழுந்தால் உயிரொலிகளும் சேர்ந்து மாறிவிடும். கேட்பவருக்கு அது தெரிந்த சொல்லாகவே படாது.

முதல் தவறு, எழுதியிருக்கும் ஒவ்வொரு உயிரையும் முழுதாக ஒலிப்பது. தமிழில் நெடில் எங்கு வந்தாலும் நெடில்தான். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. அழுத்தம் பெறாத அசையின் உயிர், எந்த எழுத்தால் எழுதப்பட்டிருந்தாலும், பெரும்பாலும் தேய்ந்து ஷ்வா என்னும் மங்கலான ஒலியாகிவிடும். ‘வந்த’ என்பதன் கடைசி அகரத்தை வாயை அதிகம் திறக்காமல் இன்னும் குறுக்கிச் சொன்னால் கிட்டத்தட்ட அந்த ஒலி வரும். நாக்கு நடுவில் சும்மா இருக்க வேண்டும், உதடு குவியக் கூடாது. குறுகுவது நமக்கும் புதிதல்ல: ‘காடு’ என்பதன் ஈற்று உகரம் குற்றியலுகரமாகி அரை மாத்திரையில் நிற்கிறதே!

இனி அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். அகராதிகளைப் போல, அழுத்தம் பெறும் அசைக்கு முன் ˈ குறியிடுகிறோம். நாட்டின் பெயர் ஜ-ˈபேன். முதல் அசை ஷ்வா. இரண்டாவதில் ‘பேங்க்’ என்பதில் வரும் உயிர். ‘ஈஸ்’ ஒட்டியதும் முதன்மை அழுத்தம் அந்த ஒட்டுக்கே போய்விடுகிறது: ஜே-ப-ˈனீஸ். முதல் அசை சிறு அழுத்தம் பெற்று முழு உயிரோடு விழித்துக்கொள்கிறது; முன்பு முழுதாக ஒலித்த நடு அசை ஷ்வாவாகத் தேய்கிறது. இரண்டு உயிர்களும் இடம் மாறிக்கொண்டுவிட்டன. நாம் வழக்கமாகச் சொல்லும் ‘ஜப்-பா-னீஸ்’ இதைத் தலைகீழாக்குகிறது: குறுக வேண்டிய ‘பா’ நீள்கிறது, நிற்க வேண்டிய முதல் அசை நசுங்குகிறது.

இதிலிருந்தே இரண்டாவது தவறு புரியும்: மூலச்சொல்லின் அழுத்தத்தை அதன் குடும்பம் முழுவதற்கும் சுமத்துவது. போட்டோகிராஃப் குடும்பத்தில் இது இன்னும் தெளிவு. படம் ˈஃபோ-ட-க்ராஃப். எடுப்பவர் ஃப-ˈடா-க்ர-ஃப, அழுத்தம் பெற்ற ஓர் அசையைத் தவிர மற்ற மூன்றும் ஷ்வா. ‘இக்’ ஒட்டினால் ஃபோ-ட-ˈக்ரே-ஃபிக். ‘இக்’, ‘ஷன்’, ‘இயன்’ என முடியும் சொற்களில் அழுத்தம் அந்த ஒட்டுக்கு முந்தைய அசையில் விழும். ‘இட்டி’, ‘க்ரஃபி’ என்று முடிபவற்றில் கடைசியிலிருந்து மூன்றாம் அசையில் விழும். ‘ஈஸ்’, ‘ஈக்’ போன்றவை அழுத்தத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும். அதனால் காரைக்குடிக் கடைகளில் விற்கும் பழம்பொருள் ஆன்-ˈடீக், ˈஆன்டிக் அல்ல.

எடுப்பவரின் சொல்லைப் பழக, நடுவிலிருந்து தொடங்குங்கள். ‘டா’ மட்டும்: நீட்டி, குரலைச் சற்று ஏற்றி. பிறகு ‘டா-க்ர-ஃப’, பின்னிரண்டையும் அவசரமாக. கடைசியாக முன்னே ஒரு குட்டி ‘ஃப’. கைபேசியில் பதிந்து கேளுங்கள். நான்கு அசைகளும் ஒரே நீளமாகக் கேட்டால் ‘டா’வை இன்னும் நீட்டாதீர்கள், மற்ற மூன்றைக் குறுக்குங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். அழுத்தம் என்றதும் சத்தத்தைக் கூட்டுகிறார்கள்; சத்தம் அதில் ஒரு பங்குதான். நீளம், குரலேற்றம், உயிரின் தெளிவு எல்லாம் சேர்ந்துதான் அழுத்தம். அக்கம்பக்கத்து அசைகள் தேயாவிட்டால் எவ்வளவு கத்தினாலும் அது தனித்துத் தெரியாது.

விதியைக் கற்றவர்கள் செய்யும் தவறும் உண்டு: எல்லா ஒட்டும் அழுத்தத்தை நகர்த்தும் என நினைப்பது. ‘நெஸ்’, ‘ஃபுல்’, ‘மென்ட்’, ‘இங்’ எதையும் நகர்த்துவதில்லை. ‘இக்’ விதிக்கும் விலக்கு உண்டு: ˈஆரபிக், ˈபாலிடிக்ஸ் இரண்டிலும் முதல் அசையே அழுத்தம் பெறும். அழுத்தமற்ற எல்லா உயிரும் ஷ்வா ஆவதுமில்லை. ˈஹெரிட்டிஜ் என்பதன் பின்னிரண்டு அசைகள் குட்டி இகரமாகவே நிற்கும். ‘டேஜ்’ என்று நீட்டுவதுதான் அங்கே தவறு. ஐயம் வந்தால் அகராதியில் ˈ குறி எந்த அசைக்கு முன் நிற்கிறது என்று பாருங்கள். தலைகீழாகத் திருப்பிய ஆங்கில ‘ஈ’ எழுத்து தெரிந்தால், அந்த இடத்தில் ஷ்வா.